பொருள்வழித் தேடல்

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ‘ஏரி’ எனப்படும் நீர்நிலை, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் ‘கண்மாய்’ என்று வழங்குகிறது. இன்னும் தெற்கே செல்லச் செல்லக் ‘குளம்’ என்பதே பெருவழக்கு. பேச்சில் இவ்வேறுபாடு எவரையும் இடறச் செய்வதில்லை. கணினியில் சேர்த்து வைத்த ஆவணங்களுக்குள் தேடும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

நீர்நிலைகளின் பராமரிப்பைப் பற்றிய 2,000 பிடிஎஃப் கோப்புகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். அவற்றுள் பழைய ஆங்கில அறிக்கைகளும் தமிழ் விதித்தொகுப்புகளும் கலந்துள்ளன. பாசனச் சங்கம் ஒன்றின் செயலாளர், ‘ஏரியில் படிந்த மண்ணை உழவர் தம் வயலுக்கு எடுத்துச் செல்லலாமா?’ என்பதற்கு விடை தேடுகிறார். விடை பிழையானால் விளைவும் பெரிது. கரையின் அடியில் தோண்டினால் கரை வலுவிழக்கும். மழைக்காலத்தில் அது உடையவும் கூடும்.

சொல்லைத் தேடுதலின் எல்லை

வழக்கமான தேடல், கொடுத்த எழுத்துகளை அதே வரிசையில் ஆவணத்தில் தேடிக் காட்டும். ‘ஏரி’ என்று தேடினால் ‘ஏரியில்’, ‘ஏரிக்கு’ என்பன கிடைக்கும். ‘நகர் ஏரியா’ என்பதும் அழைக்காமலே வந்து நிற்கும். ஆனால் ‘பேரேரி’ கிடைக்காது. பெருமை + ஏரி என்று பிரித்தறிவது இலக்கணம் கற்றவரின் கண். கணினிக்கோ, ஒருங்குறியில் ‘ஏ’ என்பது தனிக் குறியீடு. ‘ரே’ என்பது ரகரமும் ஏகாரக் குறியும் சேர்ந்த வேறு இரு குறியீடுகள். புணர்ச்சியில் மறைந்த சொல், தேடலிலும் மறைந்துவிடுகிறது.

விடையைக் கொண்ட பக்கத்தில் ‘கண்மாய்’, ‘வண்டல்’ என்ற சொற்கள் மட்டுமே இருந்தால் நிலைமை இன்னும் கடினம். வினாவில் உள்ள ‘ஏரி’யும் ‘மண்’ணும் அங்கு ஓரிடத்திலும் இல்லை. ஒருபொருள் குறித்த பல சொற்களை ஒன்றென அறியும் வழி வேண்டும். அவ்வழியே பொருள்வழித் தேடல்.

ஆவணத்திலிருந்து எழுத்தைப் பெறுதல்

பிடிஎஃப் கோப்பு, அச்சிட்ட தாளைப் போன்றது. எந்த எழுத்துருவம் பக்கத்தில் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதையே அது முதன்மையாகக் குறித்து வைக்கிறது. எது சொல், எது பத்தி என்பதைக் குறித்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே இரண்டு பத்திகளாக அச்சான பக்கத்தில், இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வெளிவருவதுண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து வருவதும் உண்டு. படமாக வருடப்பட்ட பழைய நூலாயின், அதில் எழுத்தே இல்லை. படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் அதற்குத் தேவை.

தமிழ் ஆவணங்களுக்கே உரிய மற்றொரு கண்ணியும் இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பயன்பட்டன. பாமினி அவற்றுள் ஒன்று. அதில் அமைந்த கோப்பு திரையில் ‘தமிழ்’ என்றே காட்டும். அதனுள்ளிருந்து எழுத்தை எடுத்தாலோ `jkpo;` என்று வரும். இதைக் கவனியாது அடுத்த படிக்குச் சென்றால், கணினி எவ்வித எச்சரிக்கையும் தராமல் அவ்வெழுத்துக் குவியலையும் ஏற்றுக்கொள்ளும். அக்கோப்பு மட்டும் எந்தத் தேடலிலும் தலைகாட்டாது. எடுத்த எழுத்துகளில் தமிழுக்குரிய U+0B80 முதல் U+0BFF வரையிலான குறியீடுகள் எத்தனை பங்கு என்று எண்ணிப் பார்த்தால், பழுதான கோப்புகள் உடனே வெளிப்படும்.

பொருளை எண்ணாக்குதல்

ஒரு சொல்லின் பொருளை அதனைச் சூழ்ந்து வரும் சொற்களிலிருந்து பெருமளவு உணரலாம். ‘கண்மாய் நிரம்பியது’, ‘ஏரி நிரம்பியது’, ‘கண்மாயின் மதகு’, ‘ஏரியின் மதகு’ என ஒரே சூழலில் மாறிமாறி வரும் சொற்கள் பொருளிலும் நெருங்கியவை. 2013ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தில் தாமஸ் மிக்கோலோவ் குழுவினர் வெளியிட்ட ‘வேர்டு டு வெக்’ என்னும் முறை, இக்கருத்தைக் கொண்டு ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்வரிசையாக மாற்றியது. 2019இல் நில்ஸ் ரைமர்ஸ், இரினா குரேவிச் ஆகியோர் அளித்த ‘சென்டென்ஸ் பெர்ட்’, முழுச் சொற்றொடர்களை ஒப்பிடத்தக்க எண்வரிசைகளைத் தந்தது. இத்தகைய எண்வரிசைக்கு எம்பெடிங் என்று பெயர். தமிழில் உட்பொதிவு எனலாம்.

உட்பொதிவு என்பது கணக்குப் பாடத்தில் வரும் வெக்டரே. பயன்பாட்டில் உள்ள பல மாதிரிகள் ஒரு பகுதிக்கு 768 எண்களைத் தருகின்றன. விளக்கத்தின் பொருட்டு இரண்டு எண்களே உள்ளன என்று கொண்டால் போதும். செயலாளரின் வினா (3, 4) என்றும், ‘கண்மாயில் படிந்த வண்டலைப் பயிர் செய்வோர் எடுத்துச் செல்லலாம்’ என்னும் பகுதி (4, 3) என்றும், ‘நகர் ஏரியா வரி விவரம்’ (4, −3) என்றும் அமைவதாகக் கொள்க. இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கலை அவற்றின் நீளங்களின் பெருக்கலால் வகுத்தால், இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்புக் கிடைக்கும். வினாவுக்கும் கண்மாய்ப் பகுதிக்கும் இது (12 + 12) ÷ (5 × 5) = 0.96. வரி விவரத்திற்கோ (12 − 12) ÷ (5 × 5) = 0. எழுத்தால் ஒத்த ‘ஏரியா’ விலகிவிட, எழுத்தால் ஒவ்வாத ‘கண்மாய்’ அருகில் வந்துவிட்டது.

பல மொழிகளின் மொழிபெயர்ப்பு இணைகளைக் கொண்டு பயிற்றப்பட்ட மாதிரிகளும் உள்ளன. அவற்றில் தமிழ் வினாவுக்கு ஆங்கில அறிக்கையின் பக்கமும் விடையாக வரக்கூடும். ஆயினும் இந்திய ஆங்கிலத்தில் ஏரியைக் குறிக்கும் ‘டேங்க்’ என்ற சொல், உலக வழக்கில் தொட்டியையும் போர் ஊர்தியையும் குறிக்கிறது. சுற்றியுள்ள சொற்கள் போதிய அளவில் இருந்தால்தான் மாதிரி தடுமாறாது.

வெட்டும் இடம்

இம்முறையின் வெற்றி தோல்வியைப் பெரிதும் முடிவு செய்வது ஆவணத்தைத் துண்டுகளாக வெட்டும் இடமே. மாதிரி ஒரு வேளையில் ஏற்கும் எழுத்துக்கு வரம்பு உண்டு. மேலும், நாற்பது பக்க அறிக்கைக்கு ஒரே எண்வரிசை அமைத்தால், மதகும் வண்டலும் ஒப்பந்தத் தொகையும் ஒன்றில் கரைந்து, எதையும் தெளிவாகச் சுட்டாத சராசரியே எஞ்சும். மறுபுறம், ஒவ்வொரு சொற்றொடரையும் தனித்துண்டாக்கினால் பொருள் அறுபடும்.

விதித்தொகுப்பின் ஒரு பக்கம் பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம்: ‘கண்மாயில் படிந்துள்ள வண்டலைப் பயிர் செய்வோர் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். மேற்கூறிய அனுமதி, கரையை ஒட்டிய இடத்திற்கும் மதகின் அருகிலுள்ள இடத்திற்கும் பொருந்தாது.’ முதல் தொடர் பக்கத்தின் 200ஆம் சொல்லோடு முடிகிறது. துண்டும் 200 சொற்களுக்கு ஒன்றாக வெட்டப்பட்டுள்ளது. இப்போது தடையைக் கூறும் தொடர் அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. அங்கே ‘மேற்கூறிய அனுமதி’ என்பது எதைச் சுட்டுகிறது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. கண்மாய் இல்லை, வண்டலும் இல்லை. ஆகையால் அத்துண்டு வினாவிலிருந்து விலகி நிற்கும். செயலாளருக்குக் கிடைப்பது அனுமதி மட்டுமே. கரையைக் காக்கும் நிபந்தனை கிடைப்பதில்லை. கணினி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னது.

இதற்கு எளிய மருந்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு வெட்டுவது. 40 சொற்கள் பொதுவாக இருக்குமாறு அமைத்தால், முதல் துண்டு 1 முதல் 200 வரையும் இரண்டாம் துண்டு 161 முதல் 360 வரையும் செல்லும். அனுமதியும் நிபந்தனையும் இரண்டாம் துண்டில் சேர்ந்தே இருக்கும். சொற்களை எண்ணி வெட்டுவதைவிடப் பத்தி, விதி எண் ஆகியவற்றின் எல்லையில் வெட்டுவது இன்னும் நன்று. ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆவணத்தின் பெயரையும் உட்தலைப்பையும் சேர்த்தால், ‘மேற்கூறிய’ போன்ற சுட்டுகள் முற்றிலும் அநாதையாவதில்லை. பக்க எண்ணும் உடன் இருக்க வேண்டும். படிப்பவர் மூலப் பக்கத்தைத் திறந்து முன்பின் வரிகளைக் காண அதுவே வழி.

இவ்வளவுக்கும் பெரிய கணினி வேண்டுமோ என்ற ஐயம் எழலாம். 2,000 கோப்புகளில் தலா 40 பக்கம், பக்கத்திற்கு 250 சொல் எனில், மொத்தம் 2 கோடிச் சொற்கள். 160 சொல்லுக்கு ஒரு புதிய துண்டு தொடங்குவதால், ஏறத்தாழ 1,25,000 துண்டுகள் அமையும். ஒரு துண்டுக்கு 768 எண்கள், ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால், எல்லாம் சேர்ந்து 38.4 கோடி பைட்டே. சிறிய மடிக்கணினியின் நினைவகத்திலேயே இது அடங்கிவிடும்.

பிழைபடும் இடங்கள்

பொருள்வழித் தேடல் எதிர்மறையைச் சரிவர உணர்வதில்லை. ‘வண்டலை எடுக்கலாம்’, ‘வண்டலை எடுக்கக் கூடாது’ என்னும் இரண்டும் ஒரே செய்தியைப் பற்றியவை என்பதால், அவற்றின் எண்வரிசைகளும் அருகருகே அமைந்துவிடும். முன் கூறிய கணக்கில் தடை கூறும் பகுதி (5, 12) என வந்தால், அதன் மதிப்பு 63 ÷ 65, அதாவது ஏறத்தாழ 0.97. அனுமதியைவிட அதுவே முன்னே நிற்கும். மதிப்பு உயர்ந்திருப்பது, வினாவோடு தொடர்புடையது என்பதற்கு மட்டுமே சான்று. ஆம் என்பதா, இல்லை என்பதா என அறியப் பக்கத்தைப் படித்தாக வேண்டும்.

புல எண் 214/3 போன்ற குறிப்புகளிலும் இம்முறை தடுமாறும். 214/3, 214/8 என்பவற்றின் பொருளில் மாதிரி காணும் வேறுபாடு மிகச் சிறிது. நில உரிமையாளருக்கோ அது முழு வேறுபாடு. இங்குப் பழைய சொல்தேடலே சிறந்தது. ஆதலால் நல்ல தேடலமைப்புகள் இரண்டையும் நடத்தி முடிவுகளை இணைக்கின்றன. விடையே இல்லாத வினாவுக்கும், இருப்பவற்றுள் நெருக்கமான துண்டுகளை இம்முறை நீட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அமைப்பு ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதிக்க, ஆவணங்களை நன்கறிந்த ஒருவர் முப்பது வினாக்களை எழுதி, ஒவ்வொன்றின் விடை எந்தக் கோப்பில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைக்கிறார். முதல் ஐந்து முடிவுகளுக்குள் அப்பக்கம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணப்படுகிறது. வராத வினாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், சிலவற்றில் பாமினி எழுத்து, சிலவற்றில் தவறான இடத்தில் விழுந்த வெட்டு, சிலவற்றில் மாதிரி அறியாத வட்டாரச் சொல் எனக் காரணங்கள் தனித்தனியே தெரியவரும். பிறகு துண்டின் அளவை மாற்றி, அதே முப்பது வினாக்களும் மீண்டும் கேட்கப்படுகின்றன.