செக் திரும்பினால் நாளை எப்படி எண்ணுவது?

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று ஒரு நிறுவனத்தின் கையில் வக்கீல் நோட்டீஸ் கிடைத்தது. அது கொடுத்த செக்குகள் பணமில்லாமல் திரும்பியிருந்தன. பணம் கட்டச் சட்டம் தரும் அவகாசம் 15 நாள். கட்டவில்லை. எதிர்த்தரப்பு நவம்பர் 15 அன்று நீதிமன்றத்தில் புகார் கொடுத்தது. ‘ஒரு நாள் தாமதம், புகார் செல்லாது’ என்று வாதாடியபடியே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாகேத் இந்தியா வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் எடுத்துச் சொல்வது இதைத்தான். 1999இல் வந்த தீர்ப்பு, புகார் சரியான நாளில்தான் வந்திருக்கிறது என்றது.

அந்த ஒரு நாள் எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் புரிந்துகொண்டால், செக் வழக்கின் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 142ஆம் பிரிவுகள் மூன்று கெடுக்களை வைக்கின்றன. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: எந்த நாளில் சம்பவம் நடந்ததோ அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுநாள்தான் முதல் நாள்.

சாகேத் வழக்கில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். நோட்டீஸ் கிடைத்தது செப்டம்பர் 29. அந்த நாளை விட்டுவிட்டால் 15ஆவது நாள் அக்டோபர் 14. அன்று இரவு வரை பணம் கட்ட உரிமை உண்டு. ஆகவே வழக்குப் போடும் உரிமை பிறப்பது அக்டோபர் 15. அந்த நாளையும் விட்டுவிட்டு 16இலிருந்து ஒரு மாதம் எண்ணினால் நவம்பர் 15இல் முடிகிறது. இங்கே ‘மாதம்’ என்பது காலண்டர் மாதம், 30 நாள் அல்ல. அதே 16இலிருந்து 30 நாள் என்று எண்ணியிருந்தால் நவம்பர் 14லேயே கெடு முடிந்திருக்கும், புகாரும் தோற்றிருக்கும். நோட்டீஸுக்கு நாள் கணக்கு, புகாருக்கு மாதக் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்த எண்ணும் முறை சரிதானா என்ற சந்தேகம் பிறகும் எழுந்தது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வு ஈகான் ஆன்ட்ரி வழக்கில் இதையே உறுதிசெய்தது.

ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவருக்கு வந்த செக் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் ரிட்டர்ன் மெமோ அவர் கைக்கு வந்தது மார்ச் 3. மெமோவில் அச்சிட்டிருக்கும் தேதி முந்தியதாக இருக்கலாம். ஆனால் சட்டம் பார்ப்பது தகவல் கிடைத்த தேதியைத்தான். மார்ச் 4 முதல் நாள் என்றால் 30ஆவது நாள் ஏப்ரல் 2. அதற்குள் நோட்டீஸைத் தபாலில் சேர்த்துவிட்டால் போதும். எதிராளி கைக்குப் போய்ச் சேர்வது அதன் பிறகாக இருந்தாலும் குற்றமில்லை. நோட்டீஸ் ‘கொடுப்பது’ அனுப்புகிறவர் வேலை, ‘பெறுவது’ மற்றவர் வேலை என்று 1999இல் பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அனுப்பியதற்குச் சாட்சி தபால் ரசீதுதான்.

அவர் மார்ச் 28இல் அனுப்பி, ஏப்ரல் 1இல் எதிராளி கையெழுத்துப் போட்டு வாங்கினால், பணம் கட்டக் கடைசி நாள் ஏப்ரல் 16. ஏப்ரல் 17 முதல் புகார் கொடுக்கலாம், மே 17 வரை. மே 17 ஞாயிற்றுக்கிழமையாகி நீதிமன்றம் மூடியிருந்தால், பொது ஷரத்துகள் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் திறக்கும் அடுத்த நாளில் கொடுத்தால் செல்லும்.

அவசரப்படுவதும் ஆபத்து. ஏப்ரல் 16 அன்றே புகார் கொடுத்தால் அது புகாரே அல்ல. 15 நாள் முடியுமுன் வந்த புகாரை, பிறகு நாள் கடந்துவிட்டது என்பதற்காகச் சரிசெய்துகொள்ள முடியாது என்று 2014இல் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று.

இனி, சிக்கலான கேள்வி. எதிராளி கவரை வாங்கவே இல்லையென்றால் நோட்டீஸ் எந்த நாளில் சேர்ந்தது?

சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் சேர்ந்துவிட்டதாகவே பொது ஷரத்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு கொள்கிறது. சேரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்காதவர் மேல் விழும். ‘வாங்க மறுத்தார்’, ‘வீடு பூட்டியிருக்கிறது’, ‘கடை மூடியிருக்கிறது’, ‘ஊரில் இல்லை’ என்று தபால்காரர் எழுதித் திருப்பிய கவர்களையும் நீதிமன்றங்கள் இப்படியே பார்க்கின்றன. ஆனால் முகவரி தவறாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டு ‘சேர்ந்துவிட்டது’ என்று வாதாட முடியாது.

மறுத்தவர் விஷயத்தில், மறுத்த நாளே கவரின் மேல் இருக்கும். வாங்காமலே கிடந்து திரும்பிய கவரில்தான் தேதி குழம்பும். தபால்காரர் ஜூன் 10இல் அறிவிப்பு வைத்தார், கவர் ஜூன் 18இல் அனுப்பியவரிடம் திரும்பியது என்றால் எதை எடுப்பது? கவனமுள்ள வக்கீல் இரண்டையும் எண்ணுவார். ஜூன் 18இலிருந்து எண்ணினால் 15 நாள் ஜூலை 3இல் முடிகிறது, ஆகவே ஜூலை 4க்கு முன் புகார் கொடுக்கக் கூடாது. ஜூன் 10இலிருந்து எண்ணினால் புகாருக்குக் கடைசி நாள் ஜூலை 26. இந்த இரண்டுக்கும் நடுவில் கொடுத்த புகாரை, நீதிபதி எந்தத் தேதியை ஏற்றாலும் கெடு தொடாது.

ஒரே நோட்டீஸை இரண்டு வழியில் அனுப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சில் இம்போர்ட் வழக்கில் 1996 ஜூன் 11 அன்று நோட்டீஸ் ஃபேக்ஸில் போனது. பதிவுத் தபாலில் அனுப்பிய பிரதி ஜூன் 25இல் கிடைத்தது. தபால் தேதியை நம்பி ஆகஸ்ட் 8இல் கொடுத்த புகார் தோற்றது. ஃபேக்ஸ் கிடைத்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்றது உச்ச நீதிமன்றம். இன்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நோட்டீஸை முதலில் தட்டிவிடுகிறவர், அந்த நாளிலிருந்தும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கெடு தவறினால் எல்லாம் போயிற்றா? புகார் தாமதமானால், தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அப்படி ஒரு சலுகை அந்தத் திருத்தத்தில் இல்லை. ஆனால் செக்கின் ஆயுள் மூன்று மாதம். அது முடியாமலிருந்தால் மறுபடி வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் புதிய 30 நாள் தொடங்கும். தமிழ்நாட்டிலிருந்து போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012இல் மூன்று நீதிபதிகள் இந்த வழியைத் திறந்துவைத்தார்கள். முதல் நோட்டீஸுக்குப் பிறகு வழக்குப் போடாமல் விட்டவரும் இதைப் பயன்படுத்தலாம்.

செக் கொடுத்தவர் பக்கமும் ஒரு வார்த்தை. நோட்டீஸ் தனக்கு உண்மையிலேயே வரவில்லை என்கிறவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2007இல் அலவி ஹாஜி வழக்கில் வந்த தீர்ப்பு இது. அந்த 15 நாளிலும் கட்டாதவர், நோட்டீஸ் வரவில்லை என்ற வாதத்தைப் பிறகு எழுப்ப முடியாது.