பேட்டி வேண்டாம் என்றால், முதல் பதிலிலேயே சொல்லுங்கள்

ஓலைச்சுவடிகளைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பாதுகாக்கும் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூடியூப் சேனலிலிருந்து அவருக்கு வாட்ஸ்அப் வருகிறது: “மேடம், உங்க வேலையைப் பத்தி ஒரு மணி நேரம் பாட்காஸ்ட் பண்ணலாமா? சனிக்கிழமை ஃப்ரீயா?” வேலை அவருக்கு உயிர். ஆனால் கேமரா முன் பேச மனம் வரவில்லை.

நம்மில் பலர் இந்த இடத்தில் “பார்க்கலாம் சார், இந்த வாரம் கொஞ்சம் வேலை” என்போம். மரியாதைக்காகச் சொல்வதுதான். கேட்டவருக்கோ அது தேதி தள்ளிப்போன செய்தி. அடுத்த வாரம் மறுபடி அழைப்பார். காரணம் சொன்னாலும் இதே கதைதான். நேரமில்லை என்றால் “ஞாயிற்றுக்கிழமை நாங்களே வர்றோம்” என்பார். பேச வராது என்றால் “எடிட்டிங்ல சரி பண்ணிடலாம்” என்பார். ஆட்களைச் சம்மதிக்க வைப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று நழுவினால் இன்னும் சிக்கல்: அவர் மேலதிகாரியிடமே அனுமதி வாங்கி வந்துவிட்டால் என்ன செய்வது?

அதனால் காரணமே சொல்லாமல், அன்றே, எழுத்தில் மறுப்பதுதான் நல்லது:

“வணக்கம் சார். என்னை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. என் வேலையைப் பற்றிப் பொதுவில் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதனால் இதில் கலந்துகொள்ள இயலாது. உங்கள் நிகழ்ச்சி நன்றாக அமைய வாழ்த்துகள்.”

உடனே சொன்னால் அவரும் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். அதுவும் ஓர் உதவிதான்.

எழுத்தில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “வீடியோ வேண்டாம் மேடம், சும்மா போன்ல பேசலாம்” என்ற அழைப்பில்தான் பலர் மாட்டுகிறார்கள். நிருபரிடம் பேச ஆரம்பித்தாலே அது பேட்டிதான். மறுப்பதற்கு முன் பத்து நிமிடம் விளக்கினால், அந்தப் பத்து நிமிடமே செய்தியாகலாம். பேசி முடித்துவிட்டு “இதைப் போடாதீங்க” என்றால் அவர் கேட்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பதுதான் பத்திரிகை வழக்கம்.

முழுக்க மறுக்க மனமில்லாதவர்களுக்கு எழுத்து மூலம் பதில் தரும் வழி இருக்கிறது. புனைபெயருக்குள் மறைந்திருக்கும் இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டே பேட்டிகளை அப்படித்தான் தருகிறார். பத்திரிகைக்கு இது சரிப்படும்; குரலை நம்பியிருக்கும் பாட்காஸ்டுக்குப் பெரும்பாலும் உதவாது. வேறொருவரைக் கைகாட்டுவதாக இருந்தால், முதலில் அவரைக் கேட்டுவிட்டுத்தான் எண்ணைத் தர வேண்டும்.

மீண்டும் கேட்டால் புதிய காரணம் தேடாதீர்கள். “முன்பே சொன்னதுதான் சார், மாற்றமில்லை” என்ற ஒரு வரி போதும். அதற்குப் பிறகும் வரும் அழைப்பை எடுக்க வேண்டியதில்லை.