ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இறங்கும் வழி

நூறு அடி நீளம், பத்தடி அகலம் என்று ஒரு பள்ளத்தாக்கு. கணக்கில் அது f = (x² + 100y²)/2. புறப்படும் இடம் x = 100, y = 1; சேர வேண்டிய அடிவாரம் பூச்சியம்.

சாதாரணச் சரிவிறக்கம் காலடியில் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நடக்கும். அடி அளவு 0.02-ஐத் தாண்டினால் குறுக்குச் சுவரில் மோதி மோதி வெளியே எறியப்படும். ஆகவே 0.0198 வைக்கிறோம். y-யின் மதிப்பு 1, -0.98, 0.96 என்று சுவருக்குச் சுவர் தாவுகிறது. X-ஓ 100-லிருந்து 96-க்குத்தான் வந்திருக்கிறது. x ஒன்றைத் தொட சுமார் 230 அடிகள்! வரைபடத்தில் இந்த ரம்பப்பல் கோட்டைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

1964-இல் போரிஸ் பொல்யாக் கனமான பந்தை உருட்டினார். முந்தைய நகர்வில் ஒரு பங்கை, இங்கே 0.67-ஐ, அடுத்த அடியோடு சேர்த்தார். குறுக்குத் தாவல்கள் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, நெடுக்கு நகர்வு சேர்ந்துகொண்டே போகிறது. அடி அளவையும் 0.033 வரை உயர்த்தலாம். முதல் தாவலில் y -2.3 வரை எகிறினாலும் பிறகு அடங்கிவிடும்; x 33 அடிகளில் ஒன்றுக்குக் கீழே வந்துவிடுகிறது. எளிய யோசனைக்கு இத்தனை பலன் என்பது வியப்புதான்.

அடாகிராட் (2011), ஆடம் (2014) ஆகியவை வேறு வழியில் போகின்றன. இதுவரை கண்ட சரிவுகளின் அளவால் வகுத்து, ஒவ்வோர் அச்சுக்கும் தனி அடி கொடுக்கின்றன. செங்குத்தான அச்சில் அடி சிறுக்கும், மந்தமான அச்சில் பெருகும். ஆனால் அதே பள்ளத்தாக்கை 45 பாகை திருப்பிவிட்டால் இரண்டு அச்சிலும் வளைவு ஒன்றாகிவிடும். அச்சுவாரி வகுத்தலுக்குப் பிடிப்பே இருக்காது. பொல்யாக்கின் பந்துக்கோ திசை ஒரு பொருட்டல்ல, அங்கும் அதே 33 அடிகள்தான்.