முகத்தில் ஊரும் எறும்புகள்

உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் கலர்ப் பொடி தோலைக் குறுகுறுக்க வைக்கிறது. அது பலம் ஏறுவதற்கான அடையாளமா, காசு கரைவதற்கான அடையாளமா?

அம்பர்நாத்தில் பல இளைஞர்களின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மும்பைக்குப் போகும் லோக்கல் ரயிலைப் பிடிப்பதற்குள் ஒரு மணி நேரமாவது எடை தூக்கிவிட வேண்டும். பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா. அதிலிருந்து ஒரு கரண்டி பொடியைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, மடமடவென்று குடித்துவிட்டு ஜிம்முக்குள் நுழைகிறார்கள். இருபது நிமிடத்தில் காது மடல் சுடுகிறது. நெற்றியிலும் உச்சந்தலையிலும் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. பிறகு அது கழுத்து, கை, முதுகு என்று இறங்குகிறது. ‘சரக்கு ஏறிவிட்டது’ என்று முடிவு செய்து தண்டால் கம்பியைத் தூக்குகிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் உள்ள சின்னச் சின்ன உடற்பயிற்சிக் கூடங்களிலும் இந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது. குறுகுறுத்தால் அசல், குறுகுறுக்காவிட்டால் போலி.

நம்பிக்கை தவறு. அந்தக் குறுகுறுப்புக்கும் தசைக்கும் சம்பந்தமே இல்லை.

‘பிரீ-ஒர்க்கவுட்’ என்ற பெயரில் விற்கும் இந்தப் பொடிகளில் காபியில் இருக்கும் அதே கஃபீன்தான் முக்கியச் சரக்கு என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது, கூட வரும் மற்றவர்களைப் பற்றித்தான். அவர்களில் முதலிடம் பீட்டா அலனினுக்கு. இது ஓர் அமினோ அமிலம். நம் கல்லீரலே கொஞ்சம் தயாரிக்கிறது. இறைச்சி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தும் கிடைக்கிறது.

இது உடம்புக்குள் போய்ச் செய்யும் காரியம் சுவாரஸ்யமானது. தசைக்குள் நுழைந்து ஹிஸ்டிடின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துடன் கைகோத்து, கார்னோசின் என்ற பொருளாக மாறுகிறது. 1900-ம் ஆண்டிலேயே இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பழைய பொருள்தான் இது. ஒருவர் தலைதெறிக்க ஓடும்போது தசையில் அமிலத் தன்மை கூடுகிறது. தொடை எரிவதற்கும் கால் தளர்வதற்கும் அதுவும் ஒரு காரணம். கார்னோசின் அந்த அமிலத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. கார்னோசின் அதிகம் இருந்தால் தளர்ச்சி சற்றுத் தாமதமாகும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கார்னோசின் ஒரே நாளில் சேர்வதில்லை. வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் நூல் போல விழும் முனிசிபல் தண்ணீர் மாதிரி, தினமும் கொஞ்சமாகச் சேர்ந்து பல வாரங்களில் நிரம்புகிறது. நிறுத்தினாலும் உடனே வடிந்துவிடாது. அதுவும் வாரக் கணக்கில்தான் இறங்கும். ஆகவே இன்று காலை குடித்த கரண்டி, இன்று காலை தூக்கும் எடைக்கு எந்த உதவியும் செய்வதில்லை. பீட்டா அலனினைப் பொறுத்தவரை, ‘பயிற்சிக்கு முன்’ என்ற பெயரே பொருந்தாது.

தோலின் நாடகம்

அப்படியானால் எறும்பு ஊர்வது ஏன்? 2006-ல் பிரிட்டனைச் சேர்ந்த ரோஜர் ஹாரிஸும் அவரது குழுவினரும், பீட்டா அலனினைக் கொடுத்தால் தசையில் கார்னோசின் கூடுகிறது என்று நிரூபித்த ஆய்விலேயே இந்தக் குறுகுறுப்பும் பதிவானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஒரே மடக்கில் கொடுத்தபோது தொல்லை தாங்க முடியவில்லை. கிலோவுக்கு 10 மில்லிகிராமாகக் குறைத்தபோது பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 700 மில்லிகிராம். அதாவது ரத்தத்தில் பீட்டா அலனின் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு குறுகுறுப்பு. இருபது நிமிடத்துக்குள் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

காரணம் 2012-ல் இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு, தோலில் முடியும் சில நரம்புகளில் பீட்டா அலனினுக்கென்றே ஒரு ‘பூட்டு’ இருப்பதைக் காட்டியது. அந்தப் பொருள் சாவியாகப் போய்ப் பொருந்தியதும், நரம்பு ‘அரிக்கிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தப் பூட்டு இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட எலிகள் சொறிந்துகொள்ளவில்லை. மனிதர்களின் தோலுக்குள் ஊசி மூலம் செலுத்தியபோது அரிப்பு வந்தது. ஆனால் ஒவ்வாமையில் வருவது போன்ற தடிப்போ சிவப்போ வரவில்லை. ஆகவே இது அலர்ஜி அல்ல. அலர்ஜி மாத்திரை போட்டுக்கொள்வதில் அர்த்தமும் இல்லை. தோலில் தடிப்பு எழும்பினாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ கதை வேறு. அது இந்தக் குறுகுறுப்பு அல்ல. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இதைவிட உறுதியான சாட்சி, மெல்லக் கரையும் மாத்திரைகள். பீட்டா அலனினை இப்படி மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. குறுகுறுப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் தசையில் கார்னோசின் கூடத்தான் செய்கிறது. குறுகுறுப்பு இல்லாமலே பலன் வரும் என்றால், குறுகுறுப்பு பலனின் அடையாளமாக இருக்க முடியாது. அது தோல் அடிக்கும் மணி. தசைக்கு அது கேட்பதில்லை.

வியாபாரத்துக்கு மட்டும் அந்த மணி நன்றாகப் பயன்படுகிறது. குடித்தவுடன் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தால்தானே அடுத்த டப்பா விற்கும்?

டப்பாவின் கணக்கு

2015-ல் சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு முடிவு சொன்னது. தினமும் 4 முதல் 6 கிராம் வரை, குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரங்கள் சாப்பிட்டால் பலன் தெரியும். 2019-ல் அமெரிக்கச் சந்தையில் அதிகம் விற்கும் 100 பிரீ-ஒர்க்கவுட் பொடிகளின் லேபிள்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். அளவைச் சொல்லியிருந்தவற்றில் ஒரு கரண்டியில் இருந்த பீட்டா அலனின் சராசரியாக 2 கிராம்.

இந்த இரண்டு எண்களையும் அம்பர்நாத் இளைஞரின் டப்பாவில் போட்டுப் பார்க்கலாம். டப்பாவில் 30 கரண்டி. வாரத்தில் நான்கு நாள் ஜிம். டப்பா ஏழரை வாரம் வருகிறது. அந்த ஏழரை வாரத்தில் அவர் உடம்புக்குள் போகும் பீட்டா அலனின் மொத்தம் 60 கிராம். தினமும் 4 கிராம் வீதம் நான்கு வாரம் என்றால் தேவை 112 கிராம். பாதி சரக்கை இரண்டு மடங்கு காலத்தில் சாப்பிடுகிறார். கார்னோசின் ஒரேயடியாக ஏறாது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுகளில் பலன் கண்ட அளவின் பக்கத்தில்கூட அவர் வரவில்லை. ஜிம்முக்குப் போகும் நாலு நாளும் குறுகுறுப்பு மட்டும் தவறாமல் வருகிறது. ஏனென்றால் தோலை உசுப்ப 2 கிராம் தாராளம்.

சரி, முழு அளவு சாப்பிட்டால்? அப்போதும் எல்லோருக்கும் அல்ல. ஒரு நிமிடத்திலிருந்து நான்கு நிமிடம் வரை மூச்சைப் பிடித்துச் செய்யும் முயற்சிகளில்தான் பலன் தெரிகிறது. 400 மீட்டர், 800 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், படகு வலிப்பது போன்றவை. அங்கேயும் முன்னேற்றம் சுமார் 3 சதவீதம்தான். மாநிலப் போட்டியில் ஓடுகிறவருக்கு அது பதக்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். பத்து முறை எடை தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் உட்காருகிறவருக்கு அந்த முயற்சி அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அமிலம் தொல்லை தருவதற்குள் அவர் கம்பியைக் கீழே வைத்துவிடுகிறார்.

டப்பாவில் உள்ள மற்ற இரண்டு முக்கியப் பொருள்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். சிட்ருலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்து தசையைப் புடைத்துக் காட்டும் என்கிறார்கள். ஆய்வுகளில் சிட்ருலின் மேலேட் வடிவில் 6 முதல் 8 கிராம் வரை கொடுக்கிறார்கள். அப்போதும் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. 2019 அலசலில் கரண்டிக்குச் சராசரி 4 கிராம்தான். கிரியேட்டின் நிரூபணமான சரக்கு. எடை தூக்குகிறவருக்கு இந்தப் பட்டியலில் உண்மையிலேயே உதவுவது அதுதான். ஆனால் அதுவும் தினமும் 3 முதல் 5 கிராம் வீதம் தசையில் சேர்ந்த பிறகே உதவும். பயிற்சிக்கு முன் குடித்தாலும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மிச்சமிருப்பது கஃபீன். அதே அலசலில் கரண்டிக்குச் சராசரி 254 மில்லிகிராம். நாலைந்து கோப்பை டீயை ஒரே மூச்சில் குடித்ததற்குச் சமம். உற்சாகம் அதிலிருந்து வருகிறது. பெயர் பீட்டா அலனினுக்குப் போகிறது.

லேபிள் சொல்லாதது

வாங்கும் முன் லேபிளில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் நேரே தனித்தனியாக எடை போட்டிருக்கிறதா? ‘எங்கள் சொந்தக் கலவை’ என்ற தலைப்பில் பத்துப் பெயர்களை அடுக்கி மொத்த எடையை மட்டும் சொன்னால், எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 2019 அலசலில் கண்ட பொருள்களில் 44 சதவீதம் இப்படித்தான் ஒளிந்திருந்தன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருப்பது அவசியம். ஆனால் அது தயாரிப்பாளருக்கு உரிமம் இருப்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு டப்பாவையும் யாரோ பரிசோதித்தார்கள் என்று சொல்வதில்லை.

ஒளிந்திருப்பது எப்போதும் சாதுவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2012 லண்டன் மாரத்தானில் 30 வயது கிளேர் ஸ்குவயர்ஸ், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பு சரிந்து விழுந்து இறந்தார். அவரது தண்ணீர் பாட்டிலில் ஒரு கரண்டி பிரீ-ஒர்க்கவுட் பொடி கலந்திருந்தது. அதில் இருந்த டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கப்பொருள் மரணத்துக்குப் பங்களித்திருக்கலாம் என்பது 2013-ல் விசாரணை அதிகாரியின் முடிவு. மெதில்ஹெக்ஸனமின் என்பதும் அதன் பெயர்தான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன் நம் மல்யுத்த வீரர்களும் நீச்சல் வீரர்களும் சிக்கிக்கொண்டது இதே பொருளில்தான். இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று டப்பாவில் தென்பட்டால் கீழே வைத்துவிட வேண்டும். போட்டிகளில் கலந்துகொள்கிறவர்கள், ஊக்கமருந்து இல்லை என்று வெளி ஆய்வுக்கூடம் சோதித்த தயாரிப்பைத் தவிர வேறெதையும் தொடாமல் இருப்பது நல்லது.

அப்படியானால் எதை வாங்குவது? எடை தூக்குகிறவருக்குக் கலப்பில்லாத கிரியேட்டின் போதும். நடுத்தூர ஓட்டக்காரர் பீட்டா அலனினைத் தனிப் பொடியாக வாங்கி, ஒரு வேளைக்கு 800 மில்லிகிராம் வீதம் நாளில் ஐந்து வேளையாகப் பிரித்து, ஜிம் இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிட வேண்டும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். விடிகாலை உற்சாகத்துக்கு அம்பர்நாத் ஸ்டேஷன் வாசலிலேயே டீ கிடைக்கும். அதில் எறும்பு ஊராது, அவ்வளவுதான்.