இருவருக்கு மட்டும் கேட்கும் கேள்வி

அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டுவதைத் தவிர்க்க அன்று லீவு போடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு பெண்ணை ஒருவர் காதலிக்கிறார், 'கல்யாணம் செய்துகொள்ளலாமா?' என்று கேட்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டலில் மண்டியிட்டு மோதிரம் நீட்டினால், சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள்; அவளும் தலையாட்டிவிடுவாள். அது மனதிலிருந்து வந்த சம்மதமா, அத்தனை கண்களும் வாங்கிய சம்மதமா என்பது அவளுக்கே தெரியாது.

எனவே திட்டத்தின் முதல் பாதி பேச்சுதான். கல்யாணத்தில் அவளுக்கு விருப்பம் உண்டா, எப்போது, எந்த ஊரில் குடியிருப்பது, இரு வீட்டிலும் யார் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் சில வாரங்களுக்கு முன்பே சாதாரணமாகப் பேசிவிட வேண்டும். அவள் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். வியப்பு நாளிலும் இடத்திலும் இருக்கலாம், கேள்வியில் இருக்கக் கூடாது.

அடுத்தது இடம். அவர் முதலில் நினைத்தது, விடியற்காலையில் கோவளம் கடற்கரை. அழகான யோசனைதான், ஆனால் அவருடைய காரில் போக வேண்டும். அவள் தயங்கினால், திரும்பும் வழி முழுக்க இருவரும் பேச்சற்று உட்கார்ந்திருக்க நேரும். அதனால் மாற்றினார். பெசன்ட் நகரில் அவள் வீட்டுக்கு அருகே இருவரும் வழக்கமாக நடக்கும் அமைதியான தெருவே போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக் கூட்டம் அந்தப் பக்கமும் வரும், புதன்கிழமையை எடுத்துக்கொண்டார். தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் கேட்காமல் நடந்துவிட்டு, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்பது ஒரு வாக்கியம். மண்டியிட வேண்டாம், தூரத்தில் நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார். 'இப்பவே சொல்லணும்னு இல்லை' என்று சேர்த்துக்கொள்ளலாம். மோதிரம் கட்டாயமில்லை. வாங்குவதானால் அவள் அந்த விரலில் போடும் மோதிரத்தின் அளவை நகைக்கடையில் காட்டி, மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

திட்டம் பெரும்பாலும் கெடுவது மற்றவர்களால்தான். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து படம் எடுக்கும் நண்பன், வீட்டுக்குத் திரும்பியதும் பலூனோடு காத்திருக்கும் கூட்டம் இரண்டும் அவளுக்குப் பொதுமேடையே. தெரிந்தே ஆக வேண்டியவர் தவிர வேறு யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அவள் சம்மதித்த பிறகும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது: 'யாருக்கு முதலில் சொல்லலாம்?' தன் அம்மாவிடம் தானே நேரில் சொல்ல அவள் நினைத்திருக்கலாம். அதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மோதிரம் வந்துவிட்டால், அவ்வளவு கவனமாகக் காத்த தனிமை அங்கே உடையும். அவள் சொல்லும்வரை அந்தச் செய்தி இருவருக்குள்ளேயே இருக்கட்டும்.