காய்ச்சலுக்குப் பின் வரும் தடிப்பும் கன்னச் சிவப்பும்

சிறு குழந்தைகளின் தோலில் தடிப்பை உண்டாக்கும் வைரஸ் நோய்களில் ரோசியோலாவும் கன்னச் சிவப்பு நோயும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிய, தடிப்பு எழுந்தபோது காய்ச்சல் எந்த நிலையில் இருந்தது, அது முதலில் எங்கே தோன்றியது என்ற இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

ரோசியோலா 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. 1 வயதுக் குழந்தை ஒன்றுக்குத் திங்கட்கிழமை 103 டிகிரிக் காய்ச்சல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு பெரிய அறிகுறி எதுவும் இல்லை. காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் குழந்தை விளையாடுகிறது. புதன்கிழமை ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். வியாழன் இரவு காய்ச்சல் சட்டென்று விடுகிறது. வெள்ளி காலை நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் எழுந்து, கழுத்துக்கும் கைகால்களுக்கும் பரவுகின்றன. அரிப்பு இல்லை. ஓரிரு நாளில், சில சமயம் ஒரு சில மணி நேரத்திலேயே, அவை தடயமின்றி மறைந்துவிடும்.

இங்கேதான் பழி மருந்தின்மேல் விழுகிறது. ‘இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது’ என்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், நல்ல மருந்தொன்று அந்தக் குழந்தைக்குப் பல ஆண்டுகள் மறுக்கப்படலாம். மருந்து ஒவ்வாமைத் தடிப்பில் பெரும்பாலும் அரிப்பு இருக்கும். காய்ச்சல் தொடங்கிய நாள், விட்ட நாள், தடிப்பு எழுந்த நேரம் மூன்றையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால் இந்தத் தவறைத் தவிர்க்கலாம். தட்டம்மையும் இதிலிருந்து வேறுபடும்: இருமலும் கண்சிவப்பும் சேர்ந்து, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே முகத்தில் தடிப்பு தொடங்கும்.

கன்னச் சிவப்பு நோய்க்குக் காரணம் பார்வோவைரஸ் பி19. பள்ளி வயதில்தான் அதிகம் என்றாலும் சிறு குழந்தைகளையும் இது விடுவதில்லை. லேசான காய்ச்சலும் சளியும் வந்து போனபின், பெரும்பாலும் சில நாள் இடைவெளி விட்டு, அறை வாங்கியதுபோல இரு கன்னங்களும் சிவக்கும். வாயைச் சுற்றியுள்ள தோல் மட்டும் வெளிறித் தெரியும். அடுத்த சில நாட்களில் கைகளிலும் தொடைகளிலும் வலைப்பின்னல் வடிவில் சிவப்பு படரும். மங்கிய பிறகும் வெயிலிலோ வெந்நீர்க் குளியலிலோ ஓடியாடும்போதோ அது திரும்பத் தெரியும். சில வாரங்கள்வரை இப்படி வந்து போவது நோய் முற்றுவதன் அடையாளம் அல்ல. கறுத்த தோலில் கன்னச் சிவப்பு எளிதில் புலப்படாது என்பதால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

இந்தத் தடிப்பு, வைரஸை உடல் எதிர்ப்பதால் எழுவது. ஆகவே கன்னம் சிவக்கும் வேளையில் நோய் தொற்றும் கட்டம் பொதுவாகக் கடந்திருக்கும். அதன்பின் குழந்தையைத் தனிமைப்படுத்துவதில் பயனில்லை. ஆனால் முந்தைய வாரத்தில் குழந்தையோடு நெருங்கியிருந்த கர்ப்பிணிகள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கருவுக்கு இரத்தசோகை உண்டாகும் வாய்ப்பு இருப்பதால். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டிலுமே விரலால் அழுத்தினால் சிவப்பு மறைந்து திரும்பும். அழுத்தியும் மறையாத புள்ளிகள், சோர்ந்து துவண்ட குழந்தை, காய்ச்சலோடு வலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.