எட்டு மூன்றான கதை
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல் - கணினிப் பயன்பாடு)

பொருட்காட்சிக்குச் சென்றவர்கள் அந்த வளைந்த கண்ணாடியை மறந்திருக்க மாட்டார்கள். குண்டானவர் அதன்முன் நின்றால் மூங்கிற் கழியாவார், ஒல்லியானவர் பூசணிக்காயாவார். பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு கணக்குச் சீட்டு அகப்பட்டுக்கொண்டால் சிரிக்க முடியாது என்பதைச் சென்ற பருவத்தின் வாய்மொழித் தேர்வில் நான் கற்றுக்கொண்டேன்.

நமது ஊர் மாணவர் பலரைப் போல நானும் மாலை நேரங்களில் ஒரு சிறிய பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். காஸ்டிங் ஷீட் எனப்படும் விலைக் கணக்குப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது என் பணி. எனது திட்டக் கட்டுரையும் அதைப் பற்றியதே. “தம்பி, கணக்கைத் தாராளமாக் காட்டிக்கோ கண்ணு. பையர் பேரும் அவங்களுக்கு நாம சொன்ன விலையும் மட்டும் வெளிய போகக்கூடாது, பாத்துக்கோ” என்று முதலாளி அனுமதி தந்தார். எக்செல் பக்கத்தைத் திரையோடு படம் பிடித்து, அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பவர்பாயிண்ட் ஸ்லைடில் ஒட்டினேன். பையர் பெயரும் விலையும் இருந்த வலப்பக்கத்தை Crop கொண்டு நறுக்கினேன். மிஞ்சிய படம் ஸ்லைடை நிறைக்கவில்லை. ஓரங்களைப் பிடித்து இழுத்து நிறைத்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக உறங்கினேன். அந்த ஒரு படத்தில் இரண்டு தவறுகள் இருந்தன.

முதல் தவறு தேர்வன்று வெளிப்பட்டது. ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்ற கணக்கு அந்த ஸ்லைடில் இருந்தது. உடல் நீளம் 70, கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 8, ஆக 100 சென்டிமீட்டர். பாதி மார்பளவு 52, தையலுக்கு 3, ஆக 55. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னுமாக இரண்டால் பெருக்கி, துணியின் ஜி.எஸ்.எம். 180 ஆல் பெருக்கி, 10,000 ஆல் வகுத்தால் 198 கிராம் வரும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் திரையைக் கூர்ந்து நோக்கினார். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். “தம்பி, எனக்கு 198 வருகிறது. நீங்கள் 193 என்று போட்டிருக்கிறீர்களே?” என்றார். நான் 198 என்றுதான் போட்டிருந்தேன். ஆனால் திரையில் அது நெட்டையாகவும் ஒடிசலாகவும் நின்றது. எட்டின் இடப்பக்கம் கரைந்து அது மூன்றாகவே தெரிந்தது. ஐந்து கிராம்தானே என்று விட முடியுமா? பத்தாயிரம் உருப்படிக்கு அது 50 கிலோ துணி!

வீட்டிற்கு வந்து அளந்து பார்த்தேன். எனது மடிக்கணினித் திரை அகலத்தில் 1366 புள்ளிகளும் உயரத்தில் 768 புள்ளிகளும் கொண்டது. கல்லூரிப் புரொஜெக்டர் பழைய வகை. அகலத்தில் 1024, உயரத்தில் 768. அதற்காக ஸ்லைடையும் 4:3 என்ற அளவில், அதாவது 10 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம் என்று வைத்திருந்தேன். அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் முழுத் திரைப் படம் 14.2 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் ஆகும். அதை அப்படியே ஸ்லைடில் அடைத்தால் அகலம் 70 விழுக்காடாகவும் உயரம் 94 விழுக்காடாகவும் குறையும். இரண்டும் ஒரே வீதத்தில் குறைந்திருந்தால் எழுத்து சிறுத்திருக்கும், அவ்வளவுதான். வீதம் வேறுபட்டதால் ஒவ்வோர் எழுத்தும் தன் உயரத்தோடு ஒப்பிடுகையில் கால் பங்கு அகலத்தை இழந்துவிடும். எனது படத்தில் நறுக்கியதும் சேர்ந்ததால் எண் சற்று மாறியிருந்தது, நோய் இதுவேதான்.

பின்னலாடைத் துணியைக் கையாண்டவர்களுக்கு இது புதிதன்று. அகலத்தில் இழுத்தால் நீளத்தில் சுருங்கும். அதன்மேல் அச்சிட்ட வட்டம் முட்டையாகும். துணியாவது நனைத்தால் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்ப முயலும். படம் தானாகத் திரும்பாது.

படம் இழுபட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். நாமே இழுத்த படம் நமக்கு நேராகத்தான் தெரியும்! அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. படத்தின்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு Size and Position என்பதைத் திறந்தால் Scale Height, Scale Width என்று இரண்டு எண்கள் தெரியும். அவை இரண்டும் ஒன்றாக இருந்தால் படம் செம்மையாக இருக்கிறது. வேறாக இருந்தால் இழுபட்டிருக்கிறது. உடனே அங்குள்ள Reset பொத்தானை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, Lock aspect ratio என்ற கட்டத்தில் குறியிட்டு, பிறகு மூலையில் உள்ள பிடியை மட்டும் இழுக்க வேண்டும். நான்கு பக்கங்களின் நடுவே உள்ள பிடிகள் ஒரு திசையில் மட்டுமே இழுப்பவை. அந்தக் குறி இருந்தாலும் அவை கேட்பதில்லை. நான் பிடித்தது அவற்றைத்தான்.

இப்படிச் செய்ததும் எழுத்தின் வடிவம் சரியாயிற்று. ஆனால் புதிய சங்கடம் தோன்றியது. முழுத் திரையையும் 10 அங்குலத்துக்குள் அடக்கினால் எல்லாம் 70 விழுக்காடு ஆகிறது. எக்செலில் 11 புள்ளி அளவில் இருந்த எழுத்து ஸ்லைடில் 8 புள்ளிக்கும் கீழே போய்விடுகிறது. கடைசி பெஞ்சில் இருப்பவர் படிக்க 18 புள்ளியாவது வேண்டும். வேண்டாத பகுதியை நறுக்கிவிட்டு மிஞ்சியதைப் பெரிதாக்கலாம் என்றால், 11 ஐ 18 ஆக்க 164 விழுக்காடு உருப்பெருக்க வேண்டும். கணினி இல்லாத புள்ளிகளை இட்டு நிரப்புவதால் எழுத்தின் விளிம்புகள் மங்கிவிடுகின்றன. மீண்டும் எட்டுக்கும் மூன்றுக்கும் சண்டை!

இதற்கு விடை எங்கள் கட்டிங் மாஸ்டரின் பழக்கத்தில் இருந்தது. துணி சுருங்கும் என்று தெரிந்தால் அவர் தைத்த பின்பு இழுத்துப் பார்ப்பதில்லை. வெட்டும் முன்பே அளவைச் சேர்த்துக்கொள்கிறார். அதுபோல எழுத்தைப் பெரிதாக்க வேண்டிய இடம் ஸ்லைடு அன்று, எக்செல். அங்கே View பகுதியில் Zoom அளவை 160 விழுக்காடாக வைத்தேன். 11 புள்ளி எழுத்து ஏறத்தாழ 17.6 புள்ளியாகத் திரையிலேயே கூர்மையாக வரையப்பட்டது. Ctrl+F1 அழுத்தி மேலுள்ள பட்டையை மறைத்தேன். ஒரு வரிசையின் உயரம் 32 புள்ளி என்பதால் 14 வரிசைகள் 448 புள்ளிகளில் அடங்கின, அதாவது 4.7 அங்குலம். தலைப்புக்கும் இடம் மிஞ்சியது. Windows+Shift+S அழுத்தி, தேவையான கட்டங்களை மட்டும் 960 புள்ளி அகலத்துக்குள் வளைத்துப் பிடித்தேன். 960 ஐ 96 ஆல் வகுத்தால் சரியாக 10 அங்குலம். ஸ்லைடில் ஒட்டிய பின் 100 விழுக்காட்டிலேயே விட்டேன்; இழுக்கவே இல்லை. புரொஜெக்டரின் 1024 புள்ளிகளில் அது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகப் போய் அமர்ந்தது.

14 வரிசைக்கு மேல் இருந்தால் என்ன செய்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு ஸ்லைடு போடுங்கள் என்பதே என் விடை. இன்னொன்று: படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். அது படத்தை அமுக்கிவிடும். எழுத்தைச் சுற்றிப் பொடி தூவியதுபோல் அழுக்குப் படியும். பி.என்.ஜி. வகையில் சேமித்து, ஆவணமாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

இனி இரண்டாவது தவறு. இதைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கம்தான். தேர்வுக்கு முன்பே எனது கோப்பை நான்கு நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். அவர்களில் ஒருவர் படத்தைச் சற்று நகர்த்த எண்ணி Crop பொத்தானைத் தொட்டிருக்கிறார். நறுக்கிய வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் அப்படியே எழுந்து நின்றது! பையர் பெயர், விலை எல்லாம். “இதைக் காட்டலாமா?” என்று அவர் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது.

பவர்பாயிண்டில் Crop என்பது கத்தரிக்கோல் அன்று; திரைச்சீலை. நறுக்கியதாக நாம் நினைக்கும் பகுதி மறைக்கப்படுகிறதே தவிர, கோப்பிலேயே இருக்கிறது. அதை உண்மையாகவே நீக்க வேண்டுமானால் Picture Format பகுதியில் Compress Pictures திறந்து, Delete cropped areas of pictures என்பதில் குறியிட வேண்டும். எல்லாப் படங்களுக்கும் வேண்டுமெனில் Apply only to this picture என்ற குறியை எடுத்துவிட வேண்டும். அங்கேயே தெளிவின் அளவும் கேட்கும். E-mail (96 ppi) போன்ற குறைந்த அளவைத் தேர்ந்தால் பெரிய படத்தைச் சிறிதாக்கி வைத்திருக்கும் இடங்களில் எழுத்து மங்கும். ஆதலால் High fidelity இருந்தால் அதையே தேர்க. பிறகு சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, Crop தொட்டுப் பாருங்கள். சாம்பல் பகுதி எழவில்லையென்றால் நீங்கியது உறுதி. மேலே கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டத்தை எவரும் நகர்த்திவிடலாம். எக்செல் பகுதியைப் படமாக அன்றி Embed முறையில் ஒட்டினாலோ முழுக் கணக்குப் புத்தகமே ஸ்லைடோடு பயணம் போகும்.

அறியாத மாணவன் மட்டும் செய்யும் பிழையன்று இது. 2023 மார்ச்சில், விண்டோஸ் 11 இன் Snipping Tool, விண்டோஸ் 10 இன் Snip & Sketch ஆகியவற்றிலேயே இத்தகைய குறை இருப்பது வெளிவந்தது. சேமித்த படத்தைத் திறந்து நறுக்கி, அதே பெயரில் மேலெழுதினால், பழைய படத்தின் எச்சம் கோப்பின் வாலில் தங்கியிருந்தது; அதிலிருந்து நறுக்கிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. கூகுளின் பிக்சல் கைபேசிகளிலும் அதே குறை இருந்தது. அந்த மாதமே திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு முன் நறுக்கி அனுப்பிய படங்களைத் திருத்தம் தேடிப்போய்ச் சரிசெய்யாது. அதனால்தான் முழுத் திரையைப் பிடித்துப் பின்பு நறுக்குவதைவிட, பிடிக்கும்போதே வேண்டியதை மட்டும் வளைத்துப் பிடிக்கும் முறையை நான் விரும்புகிறேன். பிடிக்காத பகுதி எங்கும் ஒளிந்திருக்க இயலாது.

நான்கு நண்பர்களிடமும் பழைய கோப்பை என் கண்முன்னே அழிக்கச் சொன்னேன். முதலாளியிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பசங்கள்ல யாராச்சும் பனியன் கம்பெனிக்காரங்க வீட்டுப் பையனா?” என்று மட்டும் கேட்டார். ஒருவருடைய மாமா ஜாப் ஒர்க் செய்கிறார் என்றேன். அந்த வாரம் முழுவதும் காஸ்டிங் ஷீட்டை அவரே ஏற்றினார். அடுத்த வாரம் என்னிடம் கொடுத்தார். ஆனால் பையர் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஓர் எண் மட்டுமே இருக்கிறது.

மறு தேர்வுக்குப் புதிய ஸ்லைடைப் போட்டபோது கடைசி பெஞ்சிலிருந்து நண்பரை உரக்கப் படிக்கச் சொன்னேன். “நூற்றுத் தொண்ணூற்றெட்டு” என்றார்.